மல்லிகை ஏன் அழுக்காகத் தெரிகிறது? எக்ஸ்போஷர் முதல் பாடம் (வீடியோ ஸ்கிரிப்ட்)

[திரை: மும்பை, மாட்டுங்கா. பூக்கடை, காலை வெளிச்சம். தட்டு நிறைய மல்லிகைச் சரம். நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. இடது பாதி இருட்டு, வலது பாதி வெளிறல்.]

குரல்: வணக்கம். இடது பக்கம் பாருங்கள். பூ இருக்கிறது, ஆனால் நேற்று விற்காமல் போன பூ மாதிரி இருக்கிறது. வலது பக்கம் பூவே இல்லை, வெறும் வெள்ளைத் திட்டு. இரண்டும் ஒரே சரம், ஒரே வெயில். கேமராவுக்குள் போன ஒளியின் அளவு மட்டும்தான் வேறு. அந்த அளவுக்குப் பெயர்தான் எக்ஸ்போஷர்.

இருட்டான படத்தை எடிட்டிங்கில் ஓரளவு தூக்கிவிடலாம். முழுக்க வெளுத்துப்போன இதழை எந்த ஆப்பாலும் மீட்க முடியாது. அங்கே பதிவாகவே இல்லை.

[திரை: கேமராவின் மேல்பக்கம், மிக அருகில். விரல் டயலைத் திருப்புகிறது.]

குரல்: ஒளியைக் கூட்டிக் குறைக்க மூன்று வழி. அப்பர்ச்சர், லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கிறது என்பது. ஷட்டர், எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது. ஐஎஸ்ஓ, வந்த ஒளியைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்பது. ஒளி இரண்டு மடங்கானாலும் பாதியானாலும் அதை ஒரு ஸ்டாப் என்பார்கள்.

[திரை: பாதிப் பாதி. சிவப்பு பெஸ்ட் பஸ் கடந்து போகிறது.
இடது: 1/1000, f/4, ISO 400
வலது: 1/15, f/16, ISO 100]

குரல்: இப்போது கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். இரண்டு பாதியிலும் வெளிச்சம் ஒன்றுதான். ஆனால் இடது பக்கம் பஸ் அப்படியே உறைந்து நிற்கிறது, ஜன்னலோரம் இருப்பவரின் வாட்ச்கூடத் தெரிகிறது. வலது பக்கம் பஸ் ஒரு சிவப்புத் தீற்றல்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஷட்டரை 1/1000 நொடியிலிருந்து 1/15 நொடிக்குக் கொண்டுவந்தால் ஆறு ஸ்டாப் ஒளி கூடிவிடும். அதை எங்கேயாவது கழிக்க வேண்டும். அப்பர்ச்சரை f/4-இலிருந்து f/16-க்குச் சுருக்கினேன், நான்கு ஸ்டாப் போச்சு. ஐஎஸ்ஓ 400-இலிருந்து 100, இன்னும் இரண்டு. சரியாகிவிட்டது.

வெளிச்சம் சரியா என்பதோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் அதிகம். பஸ் நிற்கணுமா, ஓடணுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எண்கள் அதற்குப் பின்னால் வரட்டும். 1/15-இல் எடுக்கும்போது மட்டும் விளக்குக் கம்பத்தில் கேமராவை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பஸ்ஸோடு சேர்ந்து தெருவும் ஓடும்.

[திரை: பாதிப் பாதி. பூக்கார அக்காவின் கை, சரம் தொடுக்கிறது.
இடது: f/2.8, 1/500, ISO 200
வலது: f/8, 1/60, ISO 200]

குரல்: f/2.8-இல் விரலும் நாரும் மட்டும் தெளிவு. பின்னால் உள்ள கடை கரைந்துவிட்டது. f/8-இல் கூடைகளுக்கும் உருவம் வந்துவிட்டது. எண் சின்னதானால் வாய் பெரிது, இது முதலில் எல்லோரையும் குழப்பும். ஐஎஸ்ஓவைப் பற்றி இப்போதைக்கு ஒன்று போதும்: வெளிச்சம் போதாதபோது ஏற்றுங்கள், கொஞ்சம் மணல் தூவியது மாதிரி வரும். ஆடிப்போன படத்தைவிட அது பரவாயில்லை.

[திரை: பூக்கார அக்கா சிரித்தபடி: "இது போட்டோவுக்கா தம்பி, தலைக்கா?"]

குரல்: போட்டோவுக்குத்தான் அக்கா. அப்புறம் வீட்டுக்கு.

[திரை: மூன்று கட்டம். மல்லிகை ஃப்ரேம் முழுக்க: 0, +1, +2.]

குரல்: சரி, ஆட்டோவில் வைத்தால் கேமராவே பார்த்துக்கொள்ளாதா? பார்த்துக்கொள்ளும், ஆனால் எதிரில் இருப்பது பூ என்று எல்லாக் கேமராவுக்கும் தெரியாது. பொதுவாக, கேமராவுக்குள் ஒளியை அளக்கும் மீட்டர் காட்சியை நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். அதனால் ஃப்ரேம் முழுக்க வெள்ளை இருந்தால் "அடடா, வெளிச்சம் அதிகம்" என்று குறைத்துவிடும். மல்லிகை அழுக்காவது இப்படித்தான். முதல் கட்டம் அதுதான். ப்ளஸ் மைனஸ் பட்டனில் +1 வைத்ததும், நடுக் கட்டத்தில் பூ பூவானது. +2-இல் இதழ் மடிப்பு காணாமல் போய்விட்டது.

[திரை: பாதிப் பாதி. கறுப்புக் குடை: 0, -1.]

குரல்: கறுப்புக்கு நேர் எதிர். மீட்டர் தூக்கிவிடும், குடை சாயம் போனதுபோல் இருக்கும். -1 வைத்தால் கறுப்பு திரும்பி வரும்.

[திரை: போன். பூவைத் தொடும் விரல். பக்கத்தில் சூரியக் குறி.]

குரல்: போன் வைத்திருப்பவர்களுக்கும் இதே வேலைதான். பூவைத் தொடுங்கள். பல போன்களில் ஒரு சூரியக் குறி வரும், அதை மேலே இழுத்தால் வெளிச்சம் கூடும், கீழே இழுத்தால் குறையும். இழுத்துக்கொண்டே இதழ்களைக் கவனியுங்கள். மடிப்பு மறையத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்திவிட்டு க்ளிக் செய்யுங்கள்.

[திரை: இரண்டு பாதியிலும் அதே மல்லிகை. இடது: ஆட்டோ. வலது: +1. எழுத்து: "அடுத்தது: ஹிஸ்டோகிராம்".]