பொருள்: ஆய்வு உதவியாளர் பணி – மார்ச் 4 காணொலி நேர்காணலைத் தொடர்ந்து

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

வணக்கம் அம்மா. விலை குறைந்த காற்றுத் தரச் சென்சார்கள் பற்றிய உங்கள் திட்டத்தில் ஆய்வு உதவியாளர் பணிக்காக மார்ச் 4ஆம் தேதி காணொலியில் உங்களோடு பேசிய நிலா எழுதுகிறேன். இரண்டு வாரத்தில் முடிவு தெரியும் என்று சொல்லியிருந்தீர்கள். செமஸ்டர் நடுவில் உங்களுக்கு எவ்வளவு வேலை இருக்கும் என்று புரிகிறது. அதனால் மூன்றாவது வாரமும் முடியட்டும் என்று இருந்தேன். தேர்வு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிவித்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்போதே கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. வேறொரு ஆய்வுக் குழுவிலிருந்து எனக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஏப்ரல் 7ஆம் தேதிக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள். உங்களை அவசரப்படுத்த இதைச் சொல்லவில்லை. என் முதல் விருப்பம் உங்கள் குழுதான். உங்களுக்கு இன்னும் சில நாள் தேவை என்றால் அவர்களிடம் அவகாசம் கேட்டுப் பார்க்கிறேன். இடம் வேறொருவருக்கு முடிவாகியிருந்தாலும் ஒரு வரி எழுதிவிடுங்கள், அதன்படி முடிவெடுத்துக்கொள்வேன்.

அப்புறம், அன்று நேரம் முடிந்ததால் பாதியில் நின்ற உங்கள் கேள்வி. "ஒரு இடத்தில் அளவுதிருத்தம் செய்த சென்சாரை இன்னொரு இடத்தில் வைத்தால் உங்கள் மாடல் தாங்குமா?" என்று கேட்டீர்கள். அது மனதை விட்டுப் போகவே இல்லை. என் முதுநிலை ஆய்வேட்டுத் தரவை எடுத்து மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.

முதலில், தரவைக் கலைத்துப்போட்டுப் பிரிக்காமல், ஒரு நிலையத்தை முழுவதுமாக வெளியே வைத்து மற்றவற்றில் மட்டும் பயிற்சி கொடுத்தேன். அடுத்தடுத்த மணிநேர அளவீடுகள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். கலைத்துப் பிரித்தால் ஒன்பது மணி அளவீடு பயிற்சியிலும் பத்து மணி அளவீடு சோதனையிலும் விழும். மாடல் கற்றுக்கொண்டதா, பார்த்ததையே திருப்பிச் சொல்கிறதா என்று பிரித்தறிய முடியாது. நிலையவாரியாகப் பிரித்ததும் ரேண்டம் ஃபாரஸ்ட்டின் பிழை நன்றாகவே கூடியது. ஈரப்பதத்தைச் சேர்த்த சாதாரண நேரியல் மாடல் அந்த அளவுக்குச் சரியவில்லை.

ஏன் என்று அந்தப் புதிய நிலையத்தின் வரைபடத்தை நாள்வாரியாகப் பார்த்தேன். இரண்டு விஷயம் தெரிந்தது. பயிற்சித் தரவில் இருந்த உச்ச பிஎம் 2.5 அளவைத் தாண்டிய மணிநேரங்களில் ரேண்டம் ஃபாரஸ்ட்டின் கணிப்பு ஒரு மட்டத்தில் தட்டையாக நின்றுவிடுகிறது. தான் பார்த்த எல்லைக்கு வெளியே அதனால் போக முடியாது. இன்னொன்று, விடியற்காலையில் ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும்போது சென்சார் அளவு மேலே ஏறுகிறது, பக்கத்திலிருக்கும் பீட்டா கதிர்க் கருவியோ அசையவில்லை. அம்மோனியம் சல்ஃபேட் போன்ற துகள்கள் அந்த ஈரப்பதத்தை ஒட்டித்தான் நீரை உறிஞ்சிப் பெரிதாகின்றன. சென்சார் ஒளிச்சிதறலை வைத்து அளப்பதால் பெருத்த துகளை அப்படியே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பீட்டா கருவியின் நுழைவுக் குழாயில் காற்று சூடாக்கப்பட்டு உலர்ந்து வருகிறது. அதாவது இரண்டும் ஒரே காற்றை அளக்கவில்லை. துகளின் வேதிச் சேர்மானம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், ஒரு இடத்தில் கற்ற ஈரப்பதத் திருத்தம் இன்னொரு இடத்துக்கு அப்படியே பொருந்தாது என்று நினைக்கிறேன். என்னிடம் வேதியியல் தரவு இல்லை, அதனால் இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உங்கள் திட்டத்தில் வடிதாள் மாதிரிகளும் எடுக்கிறீர்கள் என்று அன்று சொன்னபோது எனக்கு ஆர்வம் கூடியது இதனால்தான்.

இரண்டு வரைபடங்களையும் நிரலையும் இணைத்திருக்கிறேன். பார்க்க நேரமில்லை என்றால் பரவாயில்லை. முதல் வரைபடம் மட்டும் போதும்.

நேர்காணலில் கேட்ட ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை மறுநாளே அனுப்பியிருந்தேன். கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள், திரும்ப அனுப்புகிறேன். என் வழிகாட்டி உங்களோடு தொலைபேசியில் பேசத் தயாராக இருக்கிறார். மே 2ஆம் தேதி முதல் நான் சேர முடியும். சென்சார்களைக் கம்பத்தில் ஏற்றுவது, மாதம் ஒருமுறை சுத்தம் செய்வது போன்ற களப்பணிக்கும் எனக்குத் தடையில்லை. அன்று அதைச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு சந்தேகம்: இந்தப் பணி முதலில் ஓராண்டுக்குத்தானா, இல்லை திட்டம் முடியும்வரையா? வீட்டில் கேட்கிறார்கள், அதனால்தான்.

அன்று எனக்காக ஒதுக்கிய நேரத்துக்கும், பதில்களை அவசரமில்லாமல் கேட்டதற்கும் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
நிலா

இணைப்பு: வரைபடங்கள் இரண்டு, நிரல் கோப்பு ஒன்று