வீடியோ கால் திரையில் தெரிவது என்னென்ன: பெரியம்மாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெரியம்மா,

சனிக்கிழமை சாயங்காலம் 6.30 மணிக்கு அக்கா கூப்பிடும்போது நான் ஊரில் இருக்க மாட்டேன். அதனால் இதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து லேப்டாப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள். பேசும்போது திரையில் ஏதாவது புரியாமல் தோன்றினால் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

"தப்பா எதையாவது அமுக்கிட்டா கெட்டுப்போயிடுமா?" என்று நேற்று கேட்டீர்கள். எதுவும் கெடாது. மிஞ்சிப்போனால் கால் கட்டாகும், அவ்வளவுதான். அக்கா அனுப்பிய அதே லிங்க்கை மறுபடி தொட்டால் திரும்பவும் உள்ளே போய்விடலாம். நீங்கள் வரும்வரை அவள் அங்கேதான் இருப்பாள்.

உள்ளே போனதும் திரை மூன்று கட்டமாகப் பிரிந்திருக்கும். ஒன்றில் பேத்தியோடு அக்கா, ஒன்றில் தம்பி, ஒன்றில் நீங்கள். ஒவ்வொரு கட்டத்தின் கீழ் மூலையிலும் அவரவர் பெயர் இருக்கும். இந்தக் கடிதத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: எந்தக் குறி தெரிந்தாலும், அது யாருடைய கட்டத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அக்காவின் பெயர் பக்கத்தில் இருந்தால் அது அக்கா சரிசெய்ய வேண்டியது. உங்கள் பெயர் பக்கத்தில் இருந்தால்தான் நீங்கள் கைவைக்க வேண்டியது. முதன்முதலாகப் பேசுகிறவர்கள் பதறுவது பெரும்பாலும் அடுத்தவர் பக்கத்துக் கோளாறைத் தன்னுடையது என்று நினைத்துத்தான்.

இனி மைக். திரையின் அடியில் ஒரு பட்டை இருக்கும். அது காணாமல் போயிருந்தால் மவுஸைச் சற்று அசையுங்கள், வந்துவிடும். அதன் இடது ஓரத்தில் மைக் படம். அதன் குறுக்கே சிவப்புக் கோடு இருந்தால் உங்கள் குரல் வெளியே போகவில்லை என்று அர்த்தம். கோடு இல்லையென்றால் நீங்கள் பேசுவது எல்லோருக்கும் கேட்கிறது. சமையலறையைப் பார்த்துப் பெரியப்பாவிடம் சொல்வதும் சேர்த்துத்தான்.

இந்த இடத்தில் எல்லோரையும் குழப்புகிற ஒரு விஷயம் இருக்கிறது. படத்துக்குக் கீழே சின்னதாக ஒரு வார்த்தை எழுதியிருக்கும். உங்கள் குரல் அடைபட்டிருக்கும்போது அங்கே "Unmute" என்று இருக்கும். குரல் திறந்திருக்கும்போது "Mute" என்று இருக்கும். இப்போது இருக்கிற நிலையை அந்த வார்த்தை சொல்வதில்லை. அழுத்தினால் என்ன நடக்கும் என்பதைத்தான் சொல்கிறது. அதனால் "Mute" என்று பார்த்துவிட்டு, ஐயோ குரல் அடைபட்டிருக்கிறதே என்று அழுத்தினால், நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த குரலை நாமே அடைத்துவிடுவோம். வார்த்தையை விட்டுவிடுங்கள். சிவப்புக் கோட்டை மட்டும் பாருங்கள்.

கால் தொடங்கும்போது உங்கள் மைக் பெரும்பாலும் அடைத்தபடியேதான் இருக்கும். அது கோளாறு இல்லை. வீட்டுச் சத்தமெல்லாம் திடீரென்று எல்லோர் காதிலும் விழக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். உள்ளே போனதும் ஒருமுறை அழுத்திக் கோட்டை எடுத்துவிடுங்கள். பிறகு "கேக்குதா?" என்று கேளுங்கள். கோட்டை எடுக்க மறந்து பேசிக்கொண்டிருந்தால் "You are muted" என்று ஒரு வரி எட்டிப்பார்க்கும். நீங்கள் அடைத்து வைத்துப் பேசுகிறீர்கள் என்று அது நினைவூட்டுகிறது.

அக்காவின் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை என்றால் உடனே அவள் கட்டத்தைப் பாருங்கள். அவள் பெயர் பக்கத்தில் சிவப்புக் கோடு போட்ட மைக் இருந்தால் அவள்தான் அடைத்து வைத்திருக்கிறாள். காதைத் தொட்டுக் கையை ஆட்டிக் காட்டினால் புரிந்துகொள்வாள். இன்னொருவருடைய மைக்கை நாம் இங்கிருந்து திறக்க முடியாது. அப்படி முடியாமல் இருப்பதுதான் நல்லது. யாரோ ஒருவர் நம்மைக் கேட்காமல் நம் வீட்டு மைக்கைத் திறந்துவிட்டால் என்ன ஆவது? அக்கா உங்கள் மைக்கைத் திறக்க நினைத்தாலும் திரையில் அனுமதி கேட்டு ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் நீங்கள் சம்மதித்தால்தான் திறக்கும்.

அவள் பக்கம் கோடு இல்லை, தம்பிக்கும் அவள் குரல் கேட்கிறது, உங்களுக்கு மட்டும் கேட்கவில்லை என்றால் அது மைக் விவகாரமே இல்லை. உங்கள் லேப்டாப்பின் ஸ்பீக்கர் சத்தம் குறைந்திருக்கிறது. விசைப்பலகையின் மேல்வரிசையில் ஸ்பீக்கர் படம் போட்ட விசையில் மஞ்சள் காகிதம் ஒட்டியிருக்கிறேன். அதை நாலைந்து தடவை தட்டுங்கள்.

மைக்குக்குப் பக்கத்தில் கேமரா படம். அதற்கும் இதே கணக்குதான். குறுக்கே கோடு இருந்தால் உங்கள் முகம் அவர்களுக்குத் தெரியாது. கட்டத்தில் முகத்துக்குப் பதிலாகப் பெயர் மட்டும் நிற்கும்.

அடுத்தது அந்தச் சின்னக் கோடுகள். குட்டையிலிருந்து நெட்டையாக ஏறிக்கொண்டே போகுமே, அதுதான். ஒருவர் பெயர் பக்கத்தில் அது வந்தால், அவர் வீட்டிலிருந்து இணையம் எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்பதைக் காட்டுகிறது. எல்லாம் நிறைந்து பச்சையாக இருந்தால் நல்லது. ஒன்றிரண்டு மட்டும் மஞ்சளாகவோ சிவப்பாகவோ நின்றால் பாதை நெருக்கடியாக இருக்கிறது. நன்றாக ஓடும்போது சில சமயம் இந்தக் கோடுகள் கண்ணில் படவே படாது. காணோமே என்று தேட வேண்டாம்.

லேப்டாப்பின் வலது கீழ் மூலையில் விசிறி மாதிரி ஒரு வைஃபை குறி எப்போதும் இருக்கும். அதையும் இதையும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். அந்த விசிறி, ஹாலில் இருக்கும் ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் உள்ள தொடர்பை மட்டும் காட்டும். ரவுட்டரிலிருந்து வெளியே போகிற பாதை எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் விசிறி முழுசாக இருக்கும்போதே படம் விட்டுவிட்டு வரும். லேப்டாப் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை.

கடைசியாக, பார்த்தாலே பயமுறுத்துகிற அந்த அறிவிப்பு: "Your internet connection is unstable". உங்கள் இணையத் தொடர்பு நிலையாக இல்லை என்கிறது. முதல் சொல் "Your" என்று இருப்பதைப் பாருங்கள். இது அக்காவைப் பற்றியதல்ல, நம் வீட்டைப் பற்றியது. பயப்படத் தேவையில்லை. கால் கட்டாகிவிட்டது என்றோ, ஏதோ தவறாக அழுத்திவிட்டீர்கள் என்றோ இதற்குப் பொருள் இல்லை.

என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பயம் போய்விடும். நீங்கள் பேசுவதையும் உங்கள் முகத்தையும் லேப்டாப் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறது. வழியில் சில துண்டுகள் தாமதமாகும், சில வந்தே சேராது. சாதாரணமாக ஒரு போட்டோ அனுப்பினால் தொலைந்த துண்டை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ள நேரம் இருக்கிறது. பேச்சில் அது பெரும்பாலும் முடியாது. அது வந்து சேர்வதற்குள் அடுத்த வார்த்தை வந்துவிடும். அதனால் இல்லாததை விட்டுவிட்டு மேலே போகிறது. முகம் அப்படியே உறைந்து நிற்பதும், குரல் வெட்டிவெட்டி வருவதும் அதனால்தான். ஒரு குரலைக் கொண்டுபோக நொடிக்கு 100 கிலோபிட் கூட வேண்டாம். தெளிவான முகத்துக்கு அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் தேவைப்படும். எனவே பாதை நெருக்கடியாகும்போது முதலில் படத்தை மங்கலாக்கிக் குரலைக் காப்பாற்றத்தான் பார்க்கும். பேத்தியின் முகம் திடீரென்று கலங்கலாகத் தெரிந்தால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்காதீர்கள்.

அந்த அறிவிப்பு வந்தால் முதலில் ஒன்றுமே செய்ய வேண்டாம். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். பல சமயம் தானாகவே போய்விடும். போகவில்லையென்றால் கேமரா படத்தை அழுத்தி உங்கள் முகத்தை நிறுத்துங்கள். குரலுக்கு இடம் கிடைக்கும், பேச்சு தெளிந்துவிடும். முகம் தெரியவில்லையே என்று அக்கா கேட்டால் "நெட் சரியில்லை, நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிடுங்கள். அவள் முகம் உங்களுக்குத் தெரிந்துகொண்டுதான் இருக்கும். அப்படியும் தொந்தரவு என்றால் பெரியப்பா போனில் வீடியோ பார்க்கிறாரா என்று பாருங்கள். அந்த ஒரு மணி நேரம் மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், நான் சொன்னதாகவே சொல்லுங்கள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கே போய் ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்தாலும் நல்ல மாற்றம் தெரியும். சுவர்கள் வைஃபையைக் கணிசமாகக் குறைக்கும்.

இது எதுவும் உதவவில்லையென்றால் சிவப்பு நிறத்தில் இருக்கும் "Leave" பட்டனை அழுத்தி வெளியே வந்து, அதே லிங்க்கில் மறுபடி உள்ளே போங்கள். அதுவும் சரிவரவில்லையென்றால் போனை எடுத்து அக்காவுக்குச் சாதாரணக் கால் போட்டுப் பேசுங்கள். முகம் பார்ப்பதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

பேசும் விதத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் சொல்வது அவள் காதுக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஒரு பக்கத்துக்கு 150 மில்லி நொடிக்குள் இருந்தால் யாரும் கவனிப்பதில்லை. தொடர்பு மோசமாகும்போது அது கூடிக்கொண்டே போகும். அப்போதுதான் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவதும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்துவதும் நடக்கும். கேள்வி கேட்டதும் பதில் வரவில்லையே என்று திருப்பிக் கேட்காமல் ஒரு மூச்சு பொறுங்கள். அவள் யோசிக்கிறாள் என்பதில்லை, கோபமாக இருக்கிறாள் என்பதும் இல்லை. உங்கள் கேள்வி இன்னும் வழியில் இருக்கிறது. படம் உறைந்து மீண்டால் "எதுவரைக்கும் கேட்டுச்சு?" என்று கேட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். நீங்கள் ஆசையாகச் சொன்ன பாதிக் கதை அவளுக்குக் கேட்காமலே போயிருக்கும்.

உங்கள் கட்டத்தில் உங்கள் முகம் இடம் வலமாக மாறித் தெரியும். அவர்களுக்கு நேராகத்தான் தெரியும். புடவை முந்தானையை மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டாம். பேத்தியைப் பார்த்துப் பேசுவதுபோல் அவளுக்குத் தெரிய வேண்டுமென்றால், திரைக்கு மேலே நடுவில் இருக்கும் சின்னக் கறுப்புப் புள்ளியை அவ்வப்போது பாருங்கள். கேமரா அங்கேதான் இருக்கிறது.

6.15-க்கே சார்ஜரைச் சொருகிவிடுங்கள். லிங்க்கை 6.25-க்குத் தொட்டால் போதும். "Please wait" என்று திரையில் நின்றால் அக்கா இன்னும் உங்களை உள்ளே அனுமதிக்கவில்லை என்று அர்த்தம். மூடிவிடாமல் அப்படியே உட்கார்ந்திருங்கள், அவளே திறப்பாள்.

அன்புடன்,
உங்கள் தங்கை மகள்