பால் கொள்முதல் டாஷ்போர்டு: மையப் பணியாளர்களுக்கு ஒரு பக்க வழிகாட்டி

இந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். டாஷ்போர்டு பவர் பிஐ-யில் இருக்கிறது. அதில் எதை அழுத்தினாலும் பதிவான கணக்கு மாறாது, திரையில் தெரிவது மட்டும்தான் மாறும். பயப்படாமல் அழுத்திப் பாருங்கள்.

ஃபில்டர்

இடது ஓரத்தில் தேதி, ரூட், மையம், வேளை என நான்கு பெட்டிகள் இருக்கும். நேற்று மாலைப் பால் மட்டும் வேண்டுமா? தேதியில் நேற்று, வேளையில் மாலை. அவ்வளவுதான். இரண்டு மூன்று மையங்களைச் சேர்த்துப் பார்க்க Ctrl விசையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிளிக் செய்யுங்கள். விசையைப் பிடிக்காமல் அடுத்ததைக் கிளிக் செய்தால் முதலில் தேர்ந்தெடுத்தது போய்விடும்.

நேற்று வைத்த ஃபில்டர் இன்று திறக்கும்போதும் அப்படியே இருக்கும். 'இன்றைக்கு லிட்டர் பாதியாகிவிட்டதே' என்று பதறுவதற்கு முன்னால் வேளைப் பெட்டியைப் பாருங்கள், அதில் 'காலை' மட்டும் நின்றிருக்கலாம். பெட்டியின் தலைப்பருகே மவுஸைக் கொண்டுபோனால் ஒரு ரப்பர் படம் தெரியும். அதை அழுத்தினால் அந்தப் பெட்டியின் தேர்வு நீங்கும். வரைபடத்தில் ஒரு பட்டையைக் கிளிக் செய்தாலும் மற்ற படங்கள் அதற்கேற்ப மாறும். அதே பட்டையை மறுபடி அழுத்தினால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

மவுஸை வைத்தால் தெரியும் விவரம்

எந்தப் பட்டை மீதும் மவுஸை அழுத்தாமல் வைத்தால் சின்னப் பெட்டியில் மையத்தின் பெயர், லிட்டர், சராசரிக் கொழுப்பு ஆகியவை தெரியும். பட்டையின் உயரத்தை வைத்துக் குத்துமதிப்பாக எழுத வேண்டாம். பதிவேட்டில் ஏற்ற வேண்டியது இந்தப் பெட்டியில் வரும் எண்தான்.

ரூட்டின் சராசரிக் கொழுப்பு லிட்டரையும் கணக்கில் சேர்த்து வருவது. ஒரு மையம் 4% கொழுப்பில் 400 லிட்டர், இன்னொன்று 5%-இல் 100 லிட்டர் என்றால் சராசரி 4.2%. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 4.5 வரும், அது தவறு. விவசாயிக்குப் போகும் விலை கொழுப்பைப் பொறுத்தது, அதனால் இதில் கவனம் வேண்டும்.

எக்ஸ்போர்ட்

அட்டவணையின் மேல் வலது மூலையில் மூன்று புள்ளி. அதில் Export data, பிறகு Data with current layout, கடைசியாக Export. திரையில் என்ன ஃபில்டர் இருக்கிறதோ அதன்படிதான் கோப்பு வரும், ஆகவே முதலில் ஃபில்டரைச் சரிபார்த்துவிடுங்கள். .xlsx வடிவத்தையே எடுங்கள். .csv-ஐ எக்செலில் நேராகத் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் சிதைந்து தெரியலாம்.

கோப்பின் பெயரில் தேதியும் ரூட்டும் இருக்கட்டும். விவசாயிகளின் பெயரும் தொகையும் உள்ள கோப்பை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். அது அவர்களுடைய வருமான விவரம்.

கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால் நான்கு ஃபில்டர் பெட்டிகளும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தலைமை அலுவலகக் கணக்குப் பிரிவுக்கு அனுப்புங்கள்.