மத்திய வீதி மஞ்சள் கடை: சித்திரைப் புத்தாண்டு மலிவு விற்பனைப் பாட்டு

முதலாளிக்கும் ஒலிப்பதிவுத் தம்பிக்கும்,

பாட்டு முடிந்துவிட்டது. பெயர்ப்பலகையில் இருக்கும் நீளப் பெயர் பாட்டில் இல்லை. திருகோணமலையில் யாரைக் கேட்டாலும் உங்கள் கடை "மஞ்சள் கடை"தான், சுவரின் நிறத்தால் வந்த பெயர். சனம் வைத்த பெயரை விடப் பாடுவதற்கு லேசான பெயர் கிடைக்காது. ஐந்து சலுகை எழுதித் தந்தீர்கள். இரண்டைத்தான் பாட்டில் வைத்திருக்கிறேன்: பிள்ளைகள் உடுப்பு பாதி விலை, ஐயாயிரத்துக்கு ஐந்நூறு. மற்ற மூன்றும் கடை வாசல் பலகைக்குப் போகட்டும். ஒரு தரம் கேட்கிறவனுக்கு ஐந்து சொன்னால் ஒன்றும் மிஞ்சாது.

விற்பனை ஏப்ரல் 7 தொடங்கி 13 இரவு வரை, ஏழு நாள். கன்னியா வெந்நீர்க் கிணறும் ஏழு. அந்த ஏழு என்ற எண்ணைப் பிடித்துத்தான் முழுப் பாட்டும் நிற்கிறது.

முழுப் பாட்டு (ஒரு நிமிடம்)

*(கைத்தட்டு மட்டும். ஒரு பிள்ளை கேட்க, நாலைந்து பிள்ளைகள் கத்திச் சொல்ல வேண்டும்.)*

ஏழு கிணறு கன்னியா!
ஏழு நாள் மலிவு, சொன்னியா?
அம்மாட்டச் சொன்னியா? – சொன்னேன்!
அப்பாட்டச் சொன்னியா? – சொன்னேன்!
எந்தக் கடை என்று சொன்னியா?
– மத்திய வீதி மஞ்சள் கடை!

*(பெண் குரல், ஊஞ்சல் பாட்டு மெட்டில்)*

சித்திரையாள் வந்தாளாம்,
சீலை ஒன்று கேட்டாளாம்,
பத்துக் கடை பார்த்தாளாம்,
மஞ்சள் கடையில் நின்றாளாம்,
எத்தனை எடுத்தாய் என்றாலோ
இன்னும் ஒன்று என்றாளாம்!

*(ஆண் குரல், கொஞ்சம் வேகமாக)*

வேட்டி எடு அப்பாவுக்கு,
கோட்டுச் சாரம் மாமாவுக்கு,
பாட்டிக்கு நல்ல நூல் சேலை,
பாவாடை சட்டை பாப்பாவுக்கு!

சின்னப் பிள்ளை உடுப்புக்குச்
சரி பாதி விலையாம்,
என்ன விலை என்று கேட்டு
எண்ணத் தேவை இலையாம்!

*(இருவரும்)*

வாக்கியம் சொல்லும் ஒரு நிறம்,
திருக்கணிதம் மறு நிறம்,
றாக்கை நிறைய வைத்திருக்கோம்
ரெண்டு பேரின் திருநிறம்!

*(ஆண் குரல். மூன்றாம் அடிக்கு முன் காசு எண்ணும் சத்தம்.)*

ஐயாயிரத்துக்கு எடுத்தால் போதும்,
ஐந்நூறு ரூபா கைவிசேஷம்!
கையில் காசாய்த் தருவோம் பாரும்,
கூப்பன் கீப்பன் இல்லை வேஷம்!

*(பிள்ளைகள் திரும்ப வருகிறார்கள்)*

ஏழு கிணறு கன்னியா!
ஏழு நாள் மலிவு, சொன்னியா?
கோட்டை மானைக் கேட்டாலும்
காட்டும் வழி –
மத்திய வீதி மஞ்சள் கடை!

*(பேச்சுக் குரல்)* ஏப்ரல் ஏழு தொடங்கி ஏழே ஏழு நாள்.

தம்பி, தவில் வேண்டாம். ஸ்டூடியோவில் எடுபடும், ஓட்டோ ஸ்பீக்கரில் சொல்லை விழுங்கிவிடும். கைத்தட்டும் கஞ்சிராவும் போதும். "சொன்னியா"வுக்குப் பிறகு ஒரு தட்டு இடைவெளி விடு. கேட்கிற பிள்ளை தானாகவே "சொன்னேன்" என்று கத்துவதற்குத்தான் அந்த இடம். அதை இசையால் நிரப்பினால் பாட்டு செத்துவிடும். பிள்ளைகள் பிசகாமல் பாடத் தேவையில்லை, ஒருத்தன் முந்திக் கத்தினால் அப்படியே விடு.

முதலாளி, கன்னியா என்றதும் சிலருக்கு அந்தியேட்டிக் கிரியை நினைவு வரும் என்று தயங்கினீர்கள். நியாயம்தான். அதனால்தான் பாட்டில் தண்ணீரும் இல்லை, குளிப்பும் இல்லை. ஏழு என்ற எண்ணிக்கை மட்டும் இருக்கிறது. கிணறு எத்தனை என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஆகவே விற்பனை எத்தனை நாள் என்று யாரும் மறக்கமாட்டார்கள்.

நிறம் பற்றிய அடிகளை யார் கேட்டாலும் வெட்டாதீர்கள். வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நிறமும் திருக்கணித பஞ்சாங்கம் இன்னொரு நிறமும் சொல்வதால் ஒவ்வொரு வருடமும் வீடுகளில் சண்டை. அம்மா ஒன்று பார்ப்பா, மாமியார் மற்றதைப் பார்ப்பா. இரண்டு பேருக்கும் நிறம் உண்டு என்று சொல்கிற கடைக்கு இரண்டு பேரும் வருவார்கள். எந்த நிறம் என்று நான் பாட்டில் போடவில்லை. பஞ்சாங்கம் வந்ததும் இரண்டு நிறத்தையும் வாசல் றாக்கையில் முன்னுக்கு அடுக்குங்கள்.

கைவிசேஷத்துக்கு ஒரு எச்சரிக்கை. பாட்டில் "கையில் காசாய்" என்று சொல்லியாகிவிட்டது, பிறகு காசாளர் கூப்பன் நீட்டக் கூடாது. புது ஐந்நூறு ரூபாத் தாள்களை வங்கியில் முன்கூட்டியே சொல்லி எடுத்து வையுங்கள், கடைசிக் கிழமையில் கிடைக்காது. வருடம் பிறக்க முன் கைவிசேஷமா என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். தாளை ஒரு சின்னக் கவரில் போட்டு, மேலே இந்த இரண்டு அடியை அச்சடித்துக் கொடுத்தால் சரி:

இன்றைக்குக் கவரைப் பிரிக்காதே,
வருசம் பிறக்க மறக்காதே!

அரை நிமிடம், வானொலிக்கு

ஏழு கிணறு கன்னியா!
ஏழு நாள் மலிவு, சொன்னியா?
அம்மாட்டச் சொன்னியா? – சொன்னேன்!
அப்பாட்டச் சொன்னியா? – சொன்னேன்!

சின்னப் பிள்ளை உடுப்புக்குச்
சரி பாதி விலையாம்,
என்ன விலை என்று கேட்டு
எண்ணத் தேவை இலையாம்!

ஐயாயிரத்துக்கு எடுத்தால் போதும்,
ஐந்நூறு ரூபா கைவிசேஷம்!

எந்தக் கடை என்று சொன்னியா?
– மத்திய வீதி மஞ்சள் கடை!

பத்து விநாடி

ஏழு கிணறு? – கன்னியா!
ஏழு நாள் மலிவு? – சொன்னியா!
எங்கே? எங்கே?
– மத்திய வீதி மஞ்சள் கடை!

செய்திக்கு முன்னால் போவது இதுதான். இதில் விலை சொல்ல ஆசைப்படாதீர்கள்.

ஓட்டோ ஒலிபெருக்கிக்கு

ஓட்டோ நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு வீட்டுக்காரர் காதில் இரண்டு அடிதான் விழும், எந்த இரண்டு என்று நமக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு பாட்டும் நாலே அடி. ஊருக்கு ஊர் தொடக்கம் மாறும். அந்தந்த ஊரின் பெயரைக் கேட்டால்தான் சனம் படலைக்கு வரும்.

*தம்பலகாமத்தில்:*

தம்பலகாமத் தங்கச்சி,
தங்க நெல்லு வித்தாச்சி!
மஞ்சள் கடைக்கு வா தங்கச்சி,
மலிவு விற்பனை வந்தாச்சி!

*கிண்ணியாவில்:*

கிண்ணியாக் காக்கா, பாலம் தாண்டு,
பிள்ளைகள் உடுப்பு பாதி விலை!
எண்ணி எண்ணி நிற்க வேண்டாம்,
மஞ்சள் கடையில் மலிவு விலை!

*(கிண்ணியாவில் கைவிசேஷ அடியைப் போடாமல் "ஐந்நூறு ரூபா கழிவு" என்று சொல்லுங்கள். காசு ஒன்றுதான், பெயர்தான் வேறு.)*

*நிலாவெளியில், வலை உலர்த்தும் நேரம் பார்த்து:*

நிலாவெளி மச்சான், கரைக்கு வா,
மச்சாளையும் கூட்டி வா!
விலாசம் சொல்லத் தேவை இல்லை,
மஞ்சள் கடைக்கு ஓடி வா!

*உப்புவெளி, சாம்பல்தீவுப் பக்கம்:*

உப்புவெளிக்கு ஒரு சேதி,
உன் பிள்ளை உடுப்பு சரி பாதி!
சாம்பல்தீவுக்கும் அதே சேதி,
சனம் எல்லாம் மத்திய வீதி!

இந்தக் கடைசிப் பாட்டுத்தான் எனக்குப் பிடித்தது. ஊர் பெயரை மாற்றினால் எங்கும் பாடலாம். மூதூருக்கும் குச்சவெளிக்கும் இதையே வையுங்கள், "மூதூருக்கு ஒரு சேதி, பிள்ளை உடுப்பு சரி பாதி", "குச்சவெளிக்கு ஒரு சேதி, குழந்தை உடுப்பு சரி பாதி". அப்புறம் மற்ற அடிகள் அப்படியே.

ஓட்டோக்காரத் தம்பியிடம் சொல்லிவிடுங்கள்: ஆஸ்பத்திரி முன்னால் சத்தம் இல்லை. கோவிலில் பூசை மணி கேட்டாலும், பள்ளிவாசலில் பாங்கு கேட்டாலும் நிறுத்த வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்குச் சனம் படுத்திருக்கும், அப்போது பாட்டுப் போட்டால் கடைக்குத்தான் திட்டு விழும். பின்னேரம் நாலரைக்குப் பிறகு நல்ல நேரம்.

வாசலில் நிற்கிற பையன்களுக்கு

"வாங்கோ வாங்கோ" என்று ஒரே சத்தத்தில் கூப்பிடுவதை விட்டுவிட்டு இதைச் சொல்லட்டும். ஒருவன் கேட்க மற்றவன் சொல்ல வேண்டும்.

கிணறு எத்தனை? – ஏழு!
நாள் எத்தனை? – ஏழு!
அம்மாவுக்குச் சீலை? – மேலே!
அப்பாவுக்கு வேட்டி? – கீழே!

சீலைப் பகுதி மேல்மாடி என்பதும் இதிலேயே தெரிந்துவிடும், படியடியில் நின்று ஆள் ஆளாகச் சொல்லத் தேவையில்லை.

கடைசி நாள், ஏப்ரல் 13

அன்றைக்குப் பழைய பாட்டைப் போடக் கூடாது. காலையிலிருந்தே இது மட்டும், வேகம் ஒன்றரை மடங்கு. பிள்ளைகளை ஒலிப்பதிவு அன்றே இதையும் பாட வைத்துவிடு தம்பி, திரும்பக் கூப்பிட்டால் வரமாட்டார்கள்.

ஆறு கிணறு தாண்டியாச்சு,
ஏழாம் கிணறு இன்றைக்கு!
மாறும் வருசம் நாளைக்கு,
மலிவு முடியும் இன்றைக்கு!

அம்மாட்டச் சொன்னியா? – சொன்னேன்!
அப்பாட்டச் சொன்னியா? – சொன்னேன்!
இன்னும் ஏன் நிற்கிறாய்?
– செருப்பைத் தேடுறேன்!

மருத்துநீரை வாங்கி வை,
மாவிலையைக் கட்டி வை,
ஒருக்கால் இங்கே வந்து போ,
உடுப்பை எடுத்து மாட்டி வை!

இரவு பத்து மணி வரை
திறந்திருக்கும் –
மத்திய வீதி மஞ்சள் கடை!

*(செருப்பு அடியில் பிள்ளை சிரித்தால் வெட்ட வேண்டாம். பத்து மணிக்குக் கதவை இறக்கும்போது ஓட்டோ பாட்டும் நின்றிருக்க வேண்டும்.)*