தண்ணீர் அறிவிப்புக்குத் தனிக் குழு: குடியிருப்போருக்குச் செயலாளரின் கடிதம்

காரைக்குடி
12 மே 2025

குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

போன வியாழக்கிழமை பின் பிளாக்கில் நடந்ததைப் படிக்கட்டில் நாலு விதமாகப் பேசுகிறார்கள். அதனால் நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன்.

புதன் இரவு 8:40க்கு நம் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டோம். மறுநாள் காலை 7 மணி முதல் மதியம் 1 மணி வரை பின் பிளாக்கில் மோட்டார் வேலை, தண்ணீர் வராது என்று. அதற்குப் பின்னால் ஒரு குழந்தையின் பிறந்தநாள் வந்தது, வாழ்த்துகள் வரிசையாக வந்தன. யாரோ தேக்கு ஊஞ்சல் விற்பனைக்கு என்று படம் போட்டார்கள், விலை கேட்டு ஒரு பட்டாளமே கிளம்பியது. விடிகாலை நாலரைக்கு, அவர்கள் ஊரில் விடிந்துவிட்டதால், சிங்கப்பூரில் இருக்கும் வீட்டு உரிமையாளர்களின் காலை வணக்கப் பூக்கள். காலையில் குழுவைத் திறந்தவர்களுக்குத் தண்ணீர்ச் செய்தி கண்ணிலேயே படவில்லை.

மூன்றாம் மாடி வீடு ஒன்றில் சமையலறைக் குழாயைத் திருப்பியிருக்கிறார்கள், வரவில்லை. பள்ளிக்கூட அவசரம், ஆபீஸ் அவசரம். குழாயை மூடாமலே கிளம்பிவிட்டார்கள். சிங்க்கில் சாப்பிட்ட தட்டு ஒன்று வடிகால் வாயில் கவிழ்ந்து கிடந்தது. ஒரு மணிக்கு மோட்டார் போட்டதும் மேல்தொட்டி நிறைந்தது, திறந்த குழாயில் தண்ணீர் கொட்டியது, சிங்க் நிரம்பி வழிந்து, ஹாலைத் தாண்டி, கீழ்வீட்டுச் சுவரில் இறங்கி, அங்கே ஆச்சியின் பட்டுப்புடவைப் பெட்டி வரை போய்விட்டது. வாட்ச்மேன் படியில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்து வால்வை மூடுவதற்குள் தொட்டியில் பாதிக்கு மேல் காலி. சாயங்காலம் அந்த பிளாக்குக்கே மறுபடி தண்ணீர் இல்லை.

அந்த வீட்டாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. குழாயைத் திருப்பி, வரவில்லை என்றதும் அப்படியே விட்டுப் போவது யார் வீட்டிலும் நடக்கும். செய்தி அவர்கள் போனில் இருந்தது. ஆனால் எண்பது செய்திக்கு அடியில் இருந்தது. சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.

ஆகவே வருகிற வெள்ளி, மே 16 முதல் தண்ணீருக்கென்று தனிக் குழு. பெயர் "தண்ணீர் அறிவிப்பு". அதில் தலைவர், நான், பொருளாளர், வாட்ச்மேன் ஆகிய நால்வர் மட்டுமே செய்தி போட முடியும்படி வைத்திருக்கிறோம். மற்றவர்கள் படிக்கலாம், கட்டைவிரல் போடலாம், எழுத முடியாது. ஊஞ்சல், பிறந்தநாள், பூனைக்குட்டி, "யாராவது கேஸ் ஸ்டவ் மெக்கானிக் நம்பர் தெரியுமா" எல்லாம் பழைய குழுவிலேயே தாராளமாகத் தொடரட்டும். அந்தக் கலகலப்பை நிறுத்தச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பேசிக்கொள்ளாத குடியிருப்பில் சங்கம் எதற்கு?

"பழைய குழுவிலேயே செய்தியை மேலே பின் செய்துவிடலாமே" என்று ஒரு தம்பி கேட்டார். செய்யலாம், ஆனால் குழுவைத் திறப்பவருக்குத்தான் அது தெரியும். பாதிப் பேர் அந்தக் குழுவின் சத்தத்தை "எப்போதும்" என்று அமுக்கி வைத்திருக்கிறார்கள். ஒளிபரப்புப் பட்டியல் போடலாம் என்றார் இன்னொருவர். அதில் என் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். புதிதாகக் குடிவந்தவர்களுக்குப் போகவே போகாது.

புதுக் குழுவை யாரும் அமுக்கி வைக்க வேண்டாம். முடிந்தால் அதற்கு மட்டும் தனி மணிச்சத்தம் வைத்துக்கொள்ளுங்கள். எப்படி வைப்பது என்று தெரியாதவர்கள் ஞாயிறு காலை கீழே வாருங்கள், பிள்ளைகள் செய்து கொடுப்பார்கள்.

வீட்டுக்கு இரண்டு நம்பர் கேட்கிறோம். ஒன்று பகலில் வீட்டில் இருப்பவருடையது. இதை அழுத்திச் சொல்கிறேன். நம் 48 வீட்டில் பல வீடுகளில் குழுவில் இருப்பது வேலைக்குப் போகிறவரின் நம்பர், குழாய் இருப்பது மாமியார் கையில். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர்கள் தங்கள் வீட்டில் குடியிருப்பவரின் நம்பரைத் தாருங்கள். நீங்களும் குழுவில் இருக்கலாம், ஆனால் காரைக்குடியில் தண்ணீர் வராத செய்தி கோலாலம்பூரில் இருப்பவருக்கு மட்டும் போய் என்ன பயன்? குழுவில் இருப்பவர்களின் நம்பர் எல்லோருக்கும் தெரியும் என்பதால் சில வீடுகளில் தயக்கம் இருக்கலாம். விருப்பமில்லாதவர்கள் சொல்லிவிடுங்கள், உங்களுக்கு இன்டர்காமில் சொல்லச் செய்கிறோம். போனே பார்க்காத பெரியவர்களுக்கும் அப்படித்தான். லிஃப்ட் பக்கத்துக் கரும்பலகையிலும் அதே வாசகம் எழுதப்படும்.

செய்தி எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி:

"முன்னறிவிப்பு. முன் பிளாக் மட்டும். 18 மே ஞாயிறு காலை 8 முதல் மதியம் 2 வரை தண்ணீர் வராது. காரணம்: மேல்தொட்டி கழுவுதல். 8 மணிக்குள் தேவையானதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெளியே போகுமுன் எல்லாக் குழாயும் மூடியிருக்கிறதா என்று பாருங்கள்."

எந்த பிளாக், எப்போதிலிருந்து எதுவரை, ஏன், நீங்கள் என்ன செய்ய வேண்டும், அவ்வளவுதான் இருக்கும். முதல் சொல்லைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். "முன்னறிவிப்பு" என்றால் நாளைக்கு. "அவசரம்" என்றால் இப்போதே. "சரியாகிவிட்டது" என்றால் தண்ணீர் வந்துவிட்டது. மூன்றாவதை இதுவரை யாருமே போட்டதில்லை. அது வராமல்தான் ஆளாளுக்குக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். இனி மோட்டார் ஓடித் தொட்டி ஏறியதும் வாட்ச்மேன் அதைப் போடுவார்.

குரல் பதிவு கிடையாது. ஆபீசில் இருப்பவர் அதைக் கேட்க முடியாது, காது மந்தமானவருக்கு அது விளங்காது, பிற்பாடு தேடி எடுக்கவும் முடியாது. நேரம் மாறினால் போட்ட செய்தியைத் திருத்த மாட்டோம், புதுச் செய்தி போடுவோம். பழையதைத் திருத்தினால் மணி அடிக்காது, ஏற்கெனவே படித்தவருக்கு மாறியதே தெரியாது. முன்னறிவிப்பு முந்தைய நாள் மாலை 7 மணிக்குள் வந்துவிடும். இரவு 10க்கு மேல் போன் அடித்தால் அது நிஜமாகவே அவசரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

யார் யார் படித்தார்கள் என்று அனுப்பியவருக்குத் தெரியும். அதைக் கண்காணிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். படிக்காத வீடுகளின் கதவைக் காலை 6 மணிக்கு வாட்ச்மேன் தட்டுவார், அதற்குத்தான் அந்தப் பட்டியல். அவரிடம் கோபப்படாதீர்கள்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், கணக்கைப் பாருங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களுக்கான வழக்கமான அளவு. 48 வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்றால் கிட்டத்தட்ட 26,000 லிட்டர். கீழே சம்ப் 30,000 லிட்டர், மேலே இரண்டு தொட்டியும் சேர்த்து 16,000. மோட்டார் நின்றால் மேலே இருப்பதுதான் கையிருப்பு. நாள் முழுக்கச் சீராகச் செலவானால் அது பதினைந்து மணி நேரம் தாங்கும். ஆனால் குளியலும் பாத்திரம் விளக்குவதும் துணி துவைப்பதும் காலை 6 முதல் 9க்குள் முடிகிற வீடுகள் நம்முடையவை. ஒன்பதரைக்கெல்லாம் தொட்டி தரை தட்டிவிடும். கத்திரி வெயிலில், ஊரில் திருவிழாவுக்கு உறவுக்காரர்கள் வந்து இறங்கும் நாளில், சொல்லவே வேண்டாம். வீட்டில் சாந்தி, நிச்சயதார்த்தம் என்று விசேஷம் வைத்திருப்பவர்கள் இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள். தேவைப்பட்டால் ஒரு லாரி சொல்லி வைக்கலாம்.

லாரி என்றதும் ஒன்று. சமையலறையின் சின்னக் குழாயில் வருவது மாநகராட்சிக் குடிநீர், மற்றக் குழாய்களில் வருவது போர் தண்ணீர். சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியில் வளர்ந்த ஊர் இது, நாக்கு உடனே கண்டுபிடித்துவிடும். ஆனால் நாக்கை நம்பிக் குடிக்க வேண்டாம். சம்ப்பில் லாரித் தண்ணீர் விட்டால் "குடிக்க, சமைக்க வேண்டாம்" என்று செய்தியிலேயே இருக்கும். தொட்டி கழுவிய அன்று முதலில் வருகிற தண்ணீரில் குளோரின் வாடை இருக்கும். ஒரு வாளி பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றிவிடுங்கள்.

நம் பெரிய வீடுகளில் நாலு பக்க ஓட்டுச்சரிவும் முற்றத்தில் மழையை இறக்கும், அண்டாவை வைத்துப் பிடித்தார்கள், ஊருணியில் குடத்தில் மொண்டார்கள். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்த்தார்கள். நமக்குத் தொட்டி மொட்டைமாடியில் மூடிக்குள் இருக்கிறது. 2003ல் அரசு கட்டாயமாக்கிய மழைநீர்க் குழி நம் இடத்திலும் இருக்கிறது, தூர் வாரிப் பல காலம் ஆகிறது. அது அடுத்த கூட்டத்தில் முதல் பொருள்.

குழாய் வராவிட்டால் யாரைக் கேட்பது? முதலில் "தண்ணீர் அறிவிப்பு" குழுவைப் பாருங்கள். அதில் ஒன்றும் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் வருகிறதா என்று கேளுங்கள். அங்கே வந்தால் கோளாறு உங்கள் வீட்டு வால்விலோ குழாயிலோதான், பிளம்பரைக் கூப்பிட வேண்டியது நீங்கள். அங்கேயும் இல்லையென்றால் வாட்ச்மேன் அறைக்கு இன்டர்காம். நேராக எனக்கு போன் செய்தால் நானும் அவரைத்தான் கேட்பேன்.

நம்பர் எழுதித் தருவதற்கான சீட்டு இந்தக் கடிதத்துடன் உங்கள் கதவிடுக்கில் இருக்கும். வியாழன் இரவுக்குள் வாட்ச்மேன் அறைப் பெட்டியில் போடுங்கள். வீட்டு எண்ணை மறக்காமல் எழுதுங்கள். போன வருடம் பராமரிப்புச் சீட்டில் வெறும் "அப்பச்சி வீடு" என்று எழுதி மூன்று சீட்டு வந்தது.

முன் பிளாக்கார்களுக்கு: மேலே மாதிரியாக எழுதியது நிஜச் செய்திதான். 18ஆம் தேதி காலை 8 மணிக்கு முன் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பின் பிளாக் தொட்டி அதற்கடுத்த ஞாயிறு, 25ஆம் தேதி.

இப்படிக்கு,
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்