அறுபது நிறையும் அக்காவுக்கு

நாகப்பட்டினம்
18.11.2025

மதிப்பிற்குரிய அக்கா,

இன்று உங்களுக்கு அறுபது வயது நிறைகிறது. இந்த மாதக் கடைசியில் பணியும் நிறைகிறது. மருந்தகத்தில் இருக்கும் எங்கள் எல்லோருடைய மனமார்ந்த பிறந்தநாள் வாழ்த்துகளையும் முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இந்த வாழ்த்தை எப்படி எழுதுவது என்று சென்ற வாரம் கூடிப் பேசினோம். சிக்கல் சிங்காரவேலவர் கோயிலில் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்யலாம் என்று ஒருவர் சொன்னார். நட்சத்திரம் என்னவென்று கேட்டதும் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. வேளாங்கண்ணியில் மெழுகுவர்த்தி ஏற்றலாம் என்றார் ஒருவர். நாகூர் தர்காவில் துஆ செய்யச் சொல்லலாம் என்றார் இன்னொருவர். இத்தனை ஆண்டுகள் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தும், நீங்கள் யாரை வணங்குகிறீர்கள், வணங்குவதுண்டா என்பதே எங்களுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. உங்கள் பெயரும் எல்லாச் சமயத்தாரும் வைத்துக்கொள்ளும் நல்ல தமிழ்ப் பெயர். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்தான், ஆனால் நீங்களாகச் சொல்லாத ஒன்றை, வாழ்த்துச் சொல்வதற்காகத் துருவிக் கேட்பது முறையன்று என்று எனக்குப் பட்டது.

2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் புகுந்தபோது, சேறும் மணலும் அப்பிய உடலோடு வந்தவர்களின் காயங்களை நீங்கள் கழுவிக் கட்டியதை, அப்போது புதிதாகப் பணியில் சேர்ந்திருந்த நான் பஞ்சும் துணியும் எடுத்துக் கொடுத்தபடி பக்கத்தில் நின்று பார்த்தேன். “எங்கே வலிக்கிறது?” என்பதைத் தவிர நீங்கள் யாரிடமும் வேறெதுவும் கேட்கவில்லை. பெயர் சொல்லத் தெரியாத ஒரு குழந்தையை இடக்கையால் அணைத்துக்கொண்டே வலக்கையால் பேரேட்டில் எழுதினீர்கள். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

இத்துடன் வரும் கேக் முட்டை சேர்க்காதது, சொல்லிவைத்துச் செய்வித்தோம். மெழுகுவர்த்தியைத் தனியே உறையில் வைத்திருக்கிறோம். ஏற்றுவது உங்கள் வீட்டு வழக்கமானால் ஏற்றுங்கள். சுடரை ஊதி அணைக்க மனம் வராவிட்டால் உறையிலேயே இருக்கட்டும். இன்று விரதமோ நோன்போ இருக்கிறீர்கள் என்றால் கேக் நாளை வரை கெடாது. பிறந்தநாள் கொண்டாடும் வழக்கமே உங்கள் இல்லத்தில் இல்லையென்றால், இந்தக் கடிதத்தை உங்கள் உழைப்புக்கு நாங்கள் சொல்லும் நன்றியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் எங்களுக்கு முழு நிறைவே.

இரவுப் பணிக்காகக் கண்விழித்த காலமெல்லாம் கழிந்து, இனி விடியும்வரை நிம்மதியாக உறங்குங்கள் அக்கா. வார்டுக்கும் மருந்தகத்துக்கும் நடந்து தேய்ந்த முழங்கால்களுக்கு வலி தீரட்டும். உங்களைச் சார்ந்தவர்கள் உங்களைத் தாங்கட்டும். நீங்கள் நம்புவது எதுவோ அது உங்களுக்குத் துணை நிற்கட்டும். நல்ல உடல்நலத்தோடு நூறாண்டு வாழுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் தம்பி,
மருந்தகப் பிரிவிலிருந்து