மாதப் பில்: அக்டோபர் 2025

பலகாரக் கடை, செக்காலை ரோடு, காரைக்குடி

பில் எண்: 25-26/07
பில் தேதி: 31-10-2025
பெறுபவர்: மேலாளர் அவர்கள், தங்கும் விடுதி, கானாடுகாத்தான்
சரக்கு வந்த நாட்கள்: அக்டோபர் 4, 11, 18, 25 (சனிக்கிழமைகள்)

| சரக்கு | அளவு | விலை ₹ | தொகை ₹ |
|---|---|---|---|
| தேன்குழல் | 18 கிலோ | 360 | 6,480 |
| மணகோலம் | 14 கிலோ | 380 | 5,320 |
| சீப்புச் சீடை | 9.5 கிலோ | 400 | 3,800 |
| மாவுருண்டை | 220 எண்ணம் | 12 | 2,640 |
| அதிரசம் (தீபாவளி, 18ஆம் தேதி) | 300 எண்ணம் | 15 | 4,500 |
| சரக்கு மொத்தம் | | | 22,740 |
| கழிவு: திரும்பி வந்த சீப்புச் சீடை | 1.5 கிலோ | 400 | −600 |
| ஆட்டோ கூலி | 4 நடை | 250 | 1,000 |
| செப்டம்பர் பாக்கி | | | 3,415 |
| வரவு: அதிரசத்துக்கு முன்பணம், 10ஆம் தேதி | | | −5,000 |
| தர வேண்டியது | | | 21,555 |

எழுத்தில்: இருபத்தோராயிரத்து ஐநூற்று ஐம்பத்தைந்து ரூபாய் மட்டும்.

வரி: ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருப்பதால் கடைக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை. ஆகவே வரி போடவில்லை.

கெடு: 15-11-2025. ரொக்கமாகவோ, வலது மூலையில் உள்ள க்யூஆர் வழியாகவோ தரலாம். கடை உத்யம் பதிவு பெற்ற குறுந்தொழில். நமக்குள் தவணை எழுதிக்கொள்ளவில்லை என்பதால் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 15 நாள்தான் கணக்கு. எழுதிக்கொண்டாலும் 45 நாளைத் தாண்ட முடியாது.

டின்: இந்த மாதம் 6 கொடுத்தோம், 4 வந்துவிட்டன. மிச்சம் 2 உங்கள் சமையலறையில் இருக்கின்றன. அடுத்த சனிக்கிழமை ஆட்டோவிலேயே ஏற்றிவிடுங்கள், பணம் பிடிக்கவில்லை.

குறிப்பு: சீடை உடைந்தது வழியில்தான், அதனால் கழிவு எங்கள் கணக்கில். இனி அதை மட்டும் தனி டின்னில், மேலே ஒன்றும் வைக்காமல் அனுப்புகிறோம். பிள்ளையார் நோன்புக்குப் பலகாரம் வேண்டுமென்றால் கார்த்திகை தீபத்துக்குள் சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் சொன்னால் மாவு இடிக்க ஆள் கிடைப்பதில்லை.

கடைக்காரர் கையொப்பம் இடப்பட்டது.

---

அடுத்த மாதம் நிரப்புபவருக்கு (இந்தப் பகுதி அச்சில் வராது)

வெள்ளைக் கட்டங்களில் மட்டும் எழுதவும்: அளவு, விலை, பாக்கி, வரவு. சாம்பல் கட்டங்கள் தாமே பெருக்கிக் கூட்டிக்கொள்ளும். கழிவையும் வரவையும் கழித்தல் குறி போடாமல் எழுதினால் போதும், குறியை படிவமே போடும். அளவுக் கட்டத்தில் "கிலோ" என்று சேர்த்து எழுதினால் கணக்கு நின்றுவிடும், எண் மட்டும்.

கைபேசியில் வாட்ஸ்அப்பிலேயே திறந்து நிரப்ப வேண்டாம், சில செயலிகளில் கூட்டல் ஓடாது. கணினியில் Adobe Acrobat Reader-இல் திறக்கவும். நவம்பர் பில்லின் எண் 25-26/08. ஏப்ரல் தொடங்கி மாதம் ஒன்றுக்கு ஓர் எண், நடுவில் விடுபடக் கூடாது. கோப்பை `bill-2025-11.pdf` என்ற பெயரில் தனியாகச் சேமிக்கவும், பழைய மாதத்தின் மேல் எழுதிவிடாமல். விடுதிக்கு அனுப்பும் பிரதியை அச்சுக் கட்டளை வழியாக மறுபடி பிடிஎஃப் ஆக்கி அனுப்பவும். அப்போதுதான் கட்டங்கள் மூடப்பட்டு, போகிற போக்கில் யாரும் தொகையை மாற்றிவிட மாட்டார்கள்.